ஊர் ஊராக எடுத்த மாதிரியில் திட்டப் பிழை: நேரியலாக்கமும் ஜாக்நைஃப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டெல்டா மாவட்டங்களில் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தும் ஆய்வு மாணவர்களும் களப்பணிக் குழுக்களும் கேட்கும் கேள்விகள் இவை. பக்கம் முழுவதும் ஒரே ஒரு சின்னக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதன் எண்கள் கையால் போட்டுப் பார்க்க வசதியாக நாங்களே அமைத்தவை. எந்த ஊரின் உண்மை நிலவரமும் அல்ல.

குறுவை போட்டீர்களா என்று 60 விவசாயி வீட்டில் கேட்டோம். 40% வந்தது. p(1−p)/n போட்டு வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை 6.3 புள்ளி. கைடு இது தப்பு என்கிறார். எங்கே தப்பு?

அந்தச் சூத்திரம் 60 வீட்டையும் மாவட்டம் முழுவதிலிருந்து தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக நினைத்துக்கொள்கிறது. நீங்கள் எடுத்தது அப்படி அல்ல. தலைமடையில் மூன்று ஊர், கடைமடையில் மூன்று ஊர், ஊருக்குப் பத்து வீடு.

ஓர் ஊரின் பத்து வீடும் பெரும்பாலும் ஒரே கிளை வாய்க்காலில்தான் இருக்கும். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, முறை வைத்து விடும் தண்ணீர் அந்த வாய்க்காலுக்கு வந்தால் பத்தில் எட்டு ஒன்பது பேர் நாற்று விடுவார்கள். வரவில்லை என்றால், நிலத்தடி நீரும் உப்பாக இருக்கும் கடலோரக் கடைமடையில் ஒருவரும் விடமாட்டார்கள். ஆக, முதல் இரண்டு மூன்று வீட்டைக் கேட்டதுமே மீதி வீட்டின் பதில் பாதி தெரிந்துவிடுகிறது. பத்து வீட்டில் பத்து வீட்டுக்கான தகவல் இல்லை. சூத்திரம் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது.

இந்தத் தரவுக்குச் சரியான திட்டப் பிழை 9.6 புள்ளி. பரவற்படியில் பார்த்தால் 0.0092 எதிர் 0.0040, அதாவது 2.3 மடங்கு. இந்த மடங்கைத்தான் டிசைன் எஃபெக்ட் என்கிறோம். 60ஐ 2.3 ஆல் வகுத்தால் 26. தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 26 வீடு சொல்லும் அளவுக்குத்தான் உங்கள் 60 வீடும் சொல்கிறது.

தரவு இதுதான். வீட்டு எடை என்பது, கேட்ட ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்:

| அடுக்கு | ஊர் | வீட்டு எடை | குறுவை (10ல்) | எடையிட்ட குறுவை வீடு, y | எடையிட்ட மொத்த வீடு, x |
|---|---|---|---|---|---|
| தலைமடை | A | 20 | 9 | 180 | 200 |
| தலைமடை | B | 30 | 5 | 150 | 300 |
| தலைமடை | C | 40 | 7 | 280 | 400 |
| கடைமடை | D | 40 | 1 | 40 | 400 |
| கடைமடை | E | 30 | 5 | 150 | 300 |
| கடைமடை | F | 40 | 0 | 0 | 400 |

கூட்டினால் Y = 800, X = 2000, p = 800/2000 = 0.40.

எடைதான் போட்டிருக்கிறோமே? அதற்கு மேல் என்ன வேண்டும்?

எடை சரிசெய்வது மதிப்பீட்டை. எடை இல்லாமல் பார்த்தால் 60க்கு 27, அதாவது 45%. எடையிட்டதும் 40% ஆகிவிட்டது. அதோடு அதன் வேலை முடிந்தது. எந்த வீடுகள் ஒரே ஊரிலிருந்து வந்தவை என்று எடைக்குத் தெரியாது.

எடையை நகல் எண்ணிக்கையாகப் புரிந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். மென்பொருளில் எடையை அலைவெண் என்று கொடுத்துவிட்டால், 20 எடையுள்ள வீட்டை 20 வீட்டில் கேட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். n 60 அல்ல, 2000 ஆகிவிடும். திட்டப் பிழை 1.1 புள்ளி என்று வரும். ஆறே ஊரை வைத்து எடுத்த கணக்கில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் திட்டப் பிழை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டேட்டாவில் `fweight` போட்டீர்களா `pweight` போட்டீர்களா என்று பாருங்கள்.

நேரியலாக்கம் என்கிறார்கள், டெய்லர் தொடர் என்கிறார்கள். கையால் ஒரு முறை போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். பார்க்கும் அளவுக்குக் கஷ்டமில்லை.

சிக்கல் p ஒரு விகிதம் என்பதில் இருக்கிறது. வேறு ஊர்கள் குலுக்கலில் வந்திருந்தால் மேலே உள்ள 800ம் மாறும், கீழே உள்ள 2000மும் மாறும். கூட்டுத்தொகையின் பரவற்படிக்கு நேரான சூத்திரம் உண்டு, விகிதத்துக்கு இல்லை. அதனால் விகிதத்தின் சிறு மாற்றத்தைக் கூட்டுத்தொகை போல எழுதிக்கொள்கிறோம்: p மாறுவது ஏறக்குறைய (Y மாறுவது − p × X மாறுவது) ÷ X. டெய்லர் தொடரின் முதல் படியோடு நின்றுவிட்டால் இதுதான் கிடைக்கும்.

இதை ஊர்வாரியாகப் பிரித்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் வரும்: e = y − p·x. இதற்கு எளிய பொருள் உண்டு. A ஊர் 200 வீட்டுக்குப் பொறுப்பு. அங்கேயும் 40% என்றால் 80 வீடு குறுவை போட்டிருக்க வேண்டும். போட்டது 180, ஆகவே 100 கூடுதல். F ஊர் 400 வீட்டுக்குப் பொறுப்பு. எதிர்பார்த்தது 160, போட்டது சுழி, ஆகவே −160. இப்படியே ஆறு ஊருக்கும்:

தலைமடை: 100, 30, 120. சராசரி 83.33.
கடைமடை: −120, 30, −160. சராசரி −83.33.

ஆறையும் கூட்டினால் சுழி வர வேண்டும். வரவில்லை என்றால் p தப்பு, அல்லது எங்கோ எடை விட்டுப்போயிருக்கிறது. மேலே போவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தந்த அடுக்கின் சராசரியிலிருந்து ஒவ்வோர் ஊரும் எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, n/(n−1) ஆல், அதாவது 3/2 ஆல் பெருக்க வேண்டும். இங்கே n என்பது அந்த அடுக்கில் எடுத்த ஊர்களின் எண்ணிக்கை. தலைமடையில் விலகல் 16.67, −53.33, 36.67. வர்க்கங்களின் கூட்டு 4466.67. பெருக்கினால் 6700. கடைமடையில் −36.67, 113.33, −76.67. கூட்டு 20066.67. பெருக்கினால் 30100. இரண்டும் சேர்ந்து 36800. இதை 2000இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.0092. வர்க்கமூலம் 0.0959.

மொத்தப் பரவற்படியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடைமடையிலிருந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கேதான் ஓர் ஊருக்குத் தண்ணீர் எட்டுகிறது, அடுத்த ஊருக்கு எட்டவில்லை. அடுத்த முறை இரண்டு ஊர் கூடுதலாக எடுக்கக் காசு இருந்தால் அதை எங்கே செலவிடுவது என்பதற்கு இந்தப் பிரிப்பே பதில்.

ஏன் அந்தந்த அடுக்கின் சராசரியைக் கழிக்கிறோம்? தலைமடைக்கு மூன்று, கடைமடைக்கு மூன்று என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம். அதனால் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம் குலுக்கலின் தற்செயலில் சேராது. அடுக்கை மறந்து ஆறு ஊரையும் ஒரே குவியலாக எடுத்தால் திட்டப் பிழை 0.141 என்று ஊதிவிடும். ஊரை மறந்தால் பிழை குறைவாகத் தெரியும், அடுக்கை மறந்தால் அதிகமாகத் தெரியும். இரண்டையும் மறந்து இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஈடுகட்டாது.

இது ஊருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தானே? ஊருக்குள் பத்து வீடு எடுத்ததில் வரும் பிழை எங்கே போனது?

அது உள்ளேயேதான் இருக்கிறது. A ஊரின் 180 என்பது அந்த ஊரின் உண்மையான எண் அல்ல, பத்து வீட்டை வைத்து மதிப்பிட்டது. வேறு பத்து வீடு கிடைத்திருந்தால் 160 ஆகவோ 200 ஆகவோ இருந்திருக்கும். ஊர் எண்கள் சிதறுவதில் ஊர்களின் வித்தியாசமும் இருக்கிறது, வீட்டுக் குலுக்கலின் ஆட்டமும் இருக்கிறது. தனியாக இன்னொரு தடவை கூட்டினால் இரட்டிப்பாகிவிடும்.

இது சரியாக வேலை செய்ய, அடுக்கில் உள்ள ஊர்களில் சிறு பங்கைத்தான் எடுத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஊர்களில் மூன்று என்றால் கவலையே இல்லை. எட்டு ஊரில் ஐந்தை எடுத்திருந்தால் இந்தக் கணக்கு பிழையை மிகைப்படுத்தும். அப்போதுதான் முடிவுள்ள தொகுதிக்கான திருத்தத்தையும் இரண்டாம் கட்டத்தையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஜாக்நைஃப் என்றால் ஒவ்வொரு வீடாக எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்கிடுவதுதானே? 60 முறை ஓட்டினேன். 6 சொச்சம்தான் வருகிறது.

நீக்க வேண்டியது வீட்டை அல்ல, ஊரை. ஒரு வீட்டை நீக்கினால் அதே வாய்க்காலின் மற்ற ஒன்பது வீடும் அங்கேயே இருந்து அந்த வீட்டின் பதிலைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். மதிப்பீடு அசையவே அசையாது. அதனால்தான் பழைய 6க்கே திரும்பி வந்திருக்கிறீர்கள். 1958ல் ஜான் டூக்கி இந்த முறையைப் பரவற்படிக்குப் பயன்படுத்தச் சொன்னது ஒன்றையொன்று சாராத தரவுக்கு. உங்கள் தரவில் ஒன்றையொன்று சாராதவை ஊர்கள்தான்.

ஆறு ஊர், ஆகவே ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஊரின் எடை சுழி ஆகும். அதே அடுக்கின் மற்ற இரண்டு ஊரின் எடை 3/2 மடங்காகும், ஏனென்றால் மூன்று ஊர் தாங்கிய அடுக்கை இப்போது இரண்டு ஊர் தாங்குகிறது. அடுத்த அடுக்கைத் தொடக்கூடாது.

A ஊரை நீக்கிப் பார்ப்போம். தலைமடையில் y: (150+280) × 1.5 = 645. கடைமடையின் 190ஐ அப்படியே சேர்த்தால் 835. x: (300+400) × 1.5 = 1050. கடைமடையின் 1100ஐச் சேர்த்தால் 2150. விகிதம் 0.3884. மற்றவை இப்படி வரும்:

| நீக்கிய ஊர் | Y | X | விகிதம் | 0.40இலிருந்து விலகல் |
|---|---|---|---|---|
| A | 835 | 2150 | 0.3884 | −0.0116 |
| B | 880 | 2000 | 0.4400 | 0.0400 |
| C | 685 | 1850 | 0.3703 | −0.0297 |
| D | 835 | 1950 | 0.4282 | 0.0282 |
| E | 670 | 2100 | 0.3190 | −0.0810 |
| F | 895 | 1950 | 0.4590 | 0.0590 |

விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.01345. இதை (n−1)/n ஆல், அதாவது 2/3 ஆல் பெருக்கினால் 0.00896. வர்க்கமூலம் 0.0947.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு கடைசிப் பெருக்கலில். அந்த n அடுக்கில் உள்ள ஊர்களின் எண்ணிக்கை, மொத்த ஊர்களின் எண்ணிக்கை அல்ல. 2/3க்குப் பதில் 5/6 போட்டால் 0.106 வரும். பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கும், அதனால் யார் கண்ணிலும் படாது. R மென்பொருளில் `JK1` என்பது அடுக்கு இல்லாத வடிவம், `JKn` அடுக்கு உள்ளது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏற்கெனவே போட்டுவைத்த ரெப்ளிகேட் எடைகளை வெளியிலிருந்து வாங்கி வேலை செய்பவர்கள், அவை எந்த வகை, எந்தக் காரணியால் பெருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடைகளை மட்டும் பார்த்து அதை ஊகிக்க வேண்டாம்.

ஒன்றில் 0.0959, இன்னொன்றில் 0.0947. எது சரி? அறிக்கையில் எதைப் போடுவது?

இரண்டும் சரி. ஊர்கள் பெருகப் பெருக இரண்டும் நெருங்கிவரும். ஆறு ஊரில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே போதும். வித்தியாசம் வருவது கீழே உள்ள X ஆடுவதால். நேரியலாக்கம் அந்த ஆட்டத்தை நேர்கோடாக எண்ணுகிறது, ஜாக்நைஃப் உண்மையாகவே மாற்றிப் பார்க்கிறது. இந்தத் தரவில் X இன் சார்புத் திட்டப் பிழை சரியாக 10%. அதற்குள் இருந்தால் நிம்மதி. 20% தாண்டி, இரண்டு முறையும் விலகிப் போனால், எந்தத் திட்டப் பிழை என்பதைவிட விகித மதிப்பீடே ஒருபக்கச் சாய்வாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தேர்வு செய்ய வேண்டிய உண்மையான இடம் வேறு. சராசரி, சதவீதம், விகிதம், தொடர்புப் போக்குக் கெழு என்றால் நேரியலாக்கம் போதும், வேகமும் கூட. பல படிகள் கடந்து வரும் அளவு என்றால், ஒவ்வொரு படிக்கும் வகையீடு எழுதுவதைவிட ஊரை நீக்கி முழுக்கணக்கையும் திரும்ப ஓட்டுவது எளிது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சார்ந்திருந்த டிஎச்எஸ் என்ற பன்னாட்டுக் கணக்கெடுப்புத் திட்டமும் இப்படித்தான் பிரித்துக்கொண்டது: சதவீதங்களுக்கு டெய்லர், கருவள, இறப்பு விகிதங்களுக்கு ஜாக்நைஃப்.

எடைகளை மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்திச் சரிசெய்திருந்தால் அந்தப் பொருத்தத்தை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டும். முடிவான எடையை எடுத்துக்கொண்டு ஊரை மட்டும் நீக்கினால், பொருத்தியதால் கிடைத்த துல்லியம் கணக்கில் வராது.

R-ல் எப்படி?

```r
library(survey)
k <- c(9, 5, 7, 1, 5, 0)
d <- data.frame(
  madai = rep(c(1,1,1,2,2,2), each = 10),
  oor   = rep(LETTERS[1:6], each = 10),
  w     = rep(c(20,30,40,40,30,40), each = 10),
  kuruvai = unlist(lapply(k, function(i) rep(1:0, c(i, 10 - i))))
)
des <- svydesign(ids = ~oor, strata = ~madai, weights = ~w, data = d)
m <- svymean(~kuruvai, des)
m
confint(m, df = degf(des))
jk <- as.svrepdesign(des, type = "JKn")
svymean(~kuruvai, jk)
```

முதலில் 0.0959, கடைசியில் 0.0947 வர வேண்டும். ஊர்களுக்கு ஒவ்வோர் அடுக்கிலும் 1, 2, 3 என்று திரும்பத் திரும்ப எண் கொடுத்திருந்தால் `nest = TRUE` சேர்க்க வேண்டும். ஸ்டேட்டாவில் `svyset oor [pweight=w], strata(madai)` கொடுத்துவிட்டு `svy: mean kuruvai`. ஜாக்நைஃப்புக்கு `svy jackknife: mean kuruvai`.

மேலே `df = degf(des)` எதற்கு? 1.96 போட்டால் ஆகாதா?

ஆகாது. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பது வீடுகளின் எண்ணிக்கையிலிருந்து வருவதில்லை. ஊர்களின் எண்ணிக்கையிலிருந்து அடுக்குகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது: 6 − 2 = 4. அதற்கு t மதிப்பு 2.776. நம்பிக்கை இடைவெளி 13% முதல் 67% வரை. 1.96 போட்டால் 21% முதல் 59% என்று அழகாகத் தெரியும், ஆனால் 95% என்ற சொல் அதற்குப் பொருந்தாது. `confint` தானாக 4ஐ எடுத்துக்கொள்ளாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

13 முதல் 67 என்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் ஊருக்குப் பத்துக்குப் பதில் முப்பது வீடு கேட்கலாமா என்கிறார்கள். பெரிதாக உதவாது. ஊரின் எண்ணிக்கை கூட வேண்டும்.

குத்தகைதாரர்களுக்கு மட்டும் தனியாக வேண்டும். அவர்களை மட்டும் வடிகட்டி எடுத்து அதே கட்டளையைக் கொடுத்தேன். சரிதானே?

மதிப்பீடு சரியாக வரும். திட்டப் பிழை தப்பாக வரலாம்.

B ஊரில் உங்களுக்குக் கிடைத்த பத்து வீட்டில் ஒரு குத்தகைதாரரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியதும் B ஊர் கோப்பிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. தலைமடையில் இரண்டே ஊர் எடுத்ததாக மென்பொருள் நினைக்கும். A, C ஊர்களின் e 50, 60 என்றால் விலகல் 5, 5 தான். அந்த அடுக்கின் பங்கு 50 × 2 = 100. ஆனால் B ஊரும் குலுக்கலில் வந்த ஊர்தான். அதன் பங்களிப்பு சுழி, இல்லாமை அல்ல. 50, 0, 60 என்று வைத்தால் சராசரி 36.67, வர்க்க விலகல்களின் கூட்டு 2066.7, பங்கு 3100. முப்பத்தொரு மடங்கு. குத்தகைதாரர் உள்ள ஊர்கள் எத்தனை அகப்படும் என்பதும் தற்செயல்தான். வடிகட்டினால் அந்தத் தற்செயல் மறைந்துபோகிறது.

முழுத் தரவுக்கும் டிசைன் அமைத்துவிட்டு அதன்பின் `subset(des, kuthagai == 1)`. ஸ்டேட்டாவில் `svy, subpop(kuthagai): mean kuruvai`.

"Stratum (2) has only one PSU at stage 1" என்று நின்றுவிடுகிறது.

அந்த அடுக்கில் ஓர் ஊர்தான் மிஞ்சியிருக்கிறது. ஒன்றை வைத்துச் சிதறலை அளக்க முடியாது. ஜாக்நைஃப்பிலும் இதே கதை: அதை நீக்கினால் அடுக்கைத் தாங்க ஆளில்லை.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். வடிகட்டியதாலா? விடுபட்ட பதிவுகளை நீக்கியதாலா? அடுக்கின் பெயரை இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிந்ததாலா? கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உண்மையிலேயே ஓர் ஊர்தான் எடுத்தீர்கள் என்றால், பாசன நிலையில் ஒத்த பக்கத்து அடுக்கோடு சேருங்கள். முடிவு எண்களைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். எண்கள் ஒத்திருக்கும் அடுக்கைத் தேடிச் சேர்த்தால் பிழை குறைவாகத்தான் வரும். `options(survey.lonely.psu = "adjust")` அந்த ஊரை மொத்தச் சராசரியோடு ஒப்பிடுகிறது, பொதுவாகச் சற்று மிகையான பிழை தரும். `"remove"` அந்த அடுக்கின் பிழையைச் சுழி ஆக்கிவிடும். செய்தி மறைந்துவிட்டது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நிலப்பரப்பின் இடைநிலைக்கு ஜாக்நைஃப் போடலாமா?

வேண்டாம். இடைநிலை வழுவழுப்பாக மாறுவதில்லை. ஓர் ஊரை நீக்கினால் அப்படியே நிற்கும், அல்லது ஒரு மாவிலிருந்து மூன்று மாவுக்குத் தாவும். ஒன்று நீக்கும் ஜாக்நைஃப் அதற்கு நம்பத்தக்க பரவற்படி தராது. `svyquantile` பயன்படுத்துங்கள். அது "இவ்வளவுக்குக் கீழே எத்தனை சதவீதம்" என்ற கேள்விக்கு இடைவெளி போட்டு, அதை நில அளவுக்குத் திருப்பித் தருகிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 5இல் டெல்டா மாவட்டங்களைப் பார்க்கிறேன். எந்த மாறிகள்?

பெண்கள் கோப்பில் எடை `v005` (1000000 ஆல் வகுக்க வேண்டும்), முதல்கட்ட அலகு `v021`, அடுக்கு `v022`. கோப்பு முழுவதையும் வைத்து டிசைன் அமைத்துவிட்டு, பிறகு மாவட்டத்துக்கு `subset` செய்யுங்கள். மயிலாடுதுறையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் கணக்கெடுப்பின் மாவட்டப் பட்டியல் 2017 மார்ச் 31 நிலவரப்படி எடுத்தது. மயிலாடுதுறை 2020ல்தான் தனி மாவட்டம் ஆனது. அதன் ஊர்கள் நாகப்பட்டினத்துக்குள் இருக்கின்றன.